புத்தகத்தை மூடிவிட்டு வரையுங்கள்: மனவரைபடத்தால் பாடம் தங்கும் முறை

பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் நான்கைந்து சார்ட் தாள்கள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். நடுவில் ஒரு வட்டம், அதில் பாடத்தின் பெயர், சுற்றிலும் கிளைகள், கிளைக்கு ஒரு நிறம். பார்க்கவே அழகாக இருக்கும். பெற்றோருக்கும் மனநிறைவு. ஆனால் அரையாண்டுத் தேர்வில் அதே பாடத்திலிருந்து வந்த கேள்விக்குப் பிள்ளை ஒன்றும் எழுதியிருக்காது. "படம் போட்டுப் படிச்சேன் அத்தா, பரீட்சையில நினைவுக்கு வரல" என்று சொன்னால், சாக்குச் சொல்கிறாள் என்று நாம் கோபப்படுகிறோம். அவள் சொல்வது பெரும்பாலும் உண்மை. படம் வரைந்ததில் தவறில்லை. வரைந்த நேரம் முழுவதும் பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது. வேலை கை செய்தது, கண் செய்தது. நினைவுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

மனவரைபடம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான் என்பவர் 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக இதைப் பரப்பினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற பேராசிரியர் 'கருத்து வரைபடம்' என்ற இன்னொரு வகையை உருவாக்கினார். நம் அரசுப் பள்ளிகளில் சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் வந்த 'படைப்பாற்றல் கல்வி' முறையில் படித்தலுக்கு அடுத்த படியே மனவரைபடம்தான். ஆசிரியர்களின் பாடக்குறிப்பேட்டிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆகவே எப்படி வரைவது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். எப்போது வரைவது, வரைந்ததை என்ன செய்வது என்பதில்தான் குறை.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கார்பிக், பிளன்ட் என்ற இருவர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஓர் அறிவியல் கட்டுரையைக் கொடுத்து, ஒரு பிரிவினரைக் கட்டுரையைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரையச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் கட்டுரையைப் படித்து, அதை எடுத்து வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எல்லாம் எழுத வேண்டும். பிறகு மறுபடி படித்து மறுபடி எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் தேர்வு வைத்தார்கள். பார்க்காமல் எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். தேர்வே கருத்து வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அவர்கள்தான் முன்னால். இதில் நான் அடிக்கோடிட விரும்புவது வேறொன்று. படித்து முடித்த உடனே, 'உனக்கு எவ்வளவு நினைவிருக்கும்' என்று கேட்டபோது, பார்க்காமல் எழுதியவர்கள் தங்களைப் பற்றிக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். பார்க்காமல் எழுதும்போது விட்டுப்போனது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் மனம் சோர்கிறது. திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. பிள்ளைகள் சுகமான வழியையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் படம் வரைவது வீணா? அதே இருவர் 2014-இல் இன்னொரு ஆய்வில் வரைபடத்தையே கட்டுரையைப் பார்க்காமல் வரையச் சொன்னார்கள். அப்போது அது, பார்க்காமல் எழுதியதற்கு இணையாகப் பலன் தந்தது. எனவே படமா எழுத்தா என்பது கேள்வியல்ல. புத்தகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே கேள்வி. ஆய்வில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், படித்தவை சிறு கட்டுரைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குர்ஆனை மனனம் செய்யும் ஹிஃப்ழ் பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. அங்கே பாடம் ஒப்புவிக்கும்போது முஸ்ஹஃப் உஸ்தாதின் கையில் இருக்கும், பிள்ளையின் கையில் இருக்காது. பிள்ளை தடுமாறினால் உஸ்தாத் உடனே சொல்லிக் கொடுப்பதில்லை. கொஞ்சம் காத்திருப்பார், பிள்ளையே தேடி எடுக்கட்டும் என்று. அந்தக் காத்திருப்பில்தான் பாடம் ஏறுகிறது.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 14-ஆம் பாடம், 'தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்'. நம் மாலை வகுப்பில் ஒரு மாணவி இதை எப்படிச் செய்தாள் என்பதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பாடத்தை வெட்ட வேண்டும். இந்த ஒரு பாடத்துக்குள் மூன்று பாடங்கள் இருக்கின்றன. வேர்த்தூவியில் நுழையும் நீர் இலைவரை ஏறுவது ஒன்று. இரத்தமும் இரத்த வகைகளும் ஒன்று. இதயமும் அதன் வழியாக இரத்தம் ஓடுவதும் மற்றொன்று. மூன்றையும் ஒரே சார்ட்டில் அடைத்தால் நாற்பது ஐம்பது பெயர்கள் வரும். அதை யாராலும் நினைவிலிருந்து திருப்பி வரைய முடியாது. ஒரு படத்தில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பெயர்களுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். அந்தப் பிள்ளை இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

முதல் படத்தைப் புத்தகத்தைத் திறந்து வைத்தே வரையலாம், அதில் தவறில்லை. ஆனால் அது அரைமணி நேரத்துக்குள் முடிய வேண்டும். சார்ட் வேண்டாம், ஸ்கெட்ச் பேனாவும் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். அழகு கூடக் கூட அதைக் கசக்கிப் போட மனம் வராது, இதுவோ கசக்கிப் போட வேண்டிய படம்.

இந்த முதல் படத்தில் ஒரே ஒரு விதி: கோட்டின் மேல் சொல் இருக்க வேண்டும். புசானின் மனவரைபடத்தில் கிளைகள் நடுவிலிருந்து பிரிந்துகொண்டே போகும். நோவாக்கின் கருத்து வரைபடத்தில் இரண்டு பெயர்களை இணைக்கும் கோட்டின் மேல் அந்த உறவு என்னவென்று எழுதியிருக்கும். இரண்டாவதை இரவல் வாங்கிக்கொள்வது நல்லது. 'இதயம்' என்பதிலிருந்து 'வால்வு' என்பதற்கு வெறும் கோடு இழுத்தால் அது ஒன்றும் சொல்வதில்லை. 'வலது ஆரிக்கிள்' என்பதிலிருந்து 'வலது வெண்ட்ரிக்கிள்' என்பதற்கு அம்புக்குறி இழுத்து, அதன் மேல் 'மூவிதழ் வால்வு வழியாக' என்று எழுதினால் அது ஒரு வாக்கியம். தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கோடுகளைத்தான்.

படம் முடிந்ததும் அதை மடித்து வைத்துவிட வேண்டும். அன்றைக்கே திருப்பி வரைவதில் பெரிய பயனில்லை. கண்ணில் இன்னும் படம் நிற்கும், அதைப் பார்த்து எழுதுவதும் ஒன்றுதான். மறுநாள் மாலை, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, புத்தகத்தையும் முதல் படத்தையும் வேறு அறையில் வைத்துவிட்டு, கால்மணி நேரம் வரைய வேண்டும். பெயர் மறந்துபோன இடத்தில் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைக்க வேண்டும். இடம் மறந்துபோன பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கலாம். சந்தேகம் இருந்தாலும் ஊகித்து எழுதிவிட வேண்டும், காலியாக விடக்கூடாது. தவறாக எழுதித் திருத்தியது, எழுதாமல் விட்டுப் பிறகு படித்ததைவிட நன்றாக நிற்கும். மலையில் மாலை நேரத்தில் மின்சாரம் போவது நமக்குப் பழகிய ஒன்று. இந்த வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி போதும். படிக்கத்தான் நல்ல வெளிச்சம் வேண்டும்.

அந்த மாணவியின் இரண்டாம் நாள் படம் இப்படி இருந்தது. நான்கு அறைகளும் சரி. மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை இரண்டும் வலது ஆரிக்கிளுக்கு வந்தன, அதுவும் சரி. வால்வுகளில் மூவிதழ், ஈரிதழ் இருந்தன, அரைச்சந்திர வால்வுகள் விட்டுப்போயின. நுரையீரல் தமனியை இடது பக்கத்திலிருந்து புறப்பட வைத்திருந்தாள். நுரையீரல் சிரை வலது பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இதயச் சுழற்சி என்று எழுதி, அதன் கீழ் 0.1, 0.3, 0.4 என்று மூன்று எண்கள் மட்டும் தொங்கின, எது எதற்கு என்று இல்லை. 'லப்', 'டப்' என்ற ஒலிகள் தனியே ஒரு மூலையில் கிடந்தன.

இதைப் பார்த்ததும் நாம் 'இவ்வளவு தப்பா?' என்று கேட்டுவிடுவோம். கேட்கக்கூடாது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, தவறுகளை வகை பிரிக்க வேண்டும். ஒப்பிடுவது புத்தகத்தோடு, முதல் படத்தோடு அல்ல. முதல் படத்திலேயே பிழை இருக்கலாம், இங்கே இருந்ததும் அதுதான்.

விட்டுப்போனது எளிய தவறு. அரைச்சந்திர வால்வுகளை ஒருமுறை சிவப்பில் எழுதினால் அடுத்த முறை பெரும்பாலும் வந்துவிடும். ஒட்டாமல் தொங்கும் தவறு அதைவிடக் கொஞ்சம் ஆழமானது. 0.1 நொடி ஆரிக்கிள்கள் சுருங்க, 0.3 நொடி வெண்ட்ரிக்கிள்கள் சுருங்க, 0.4 நொடி வெண்ட்ரிக்கிள்கள் விரிய. மொத்தம் 0.8 நொடி. எண்களை மனப்பாடம் செய்தவள் அவற்றைச் செயலோடு கட்டவில்லை. ஒலிகளும் அப்படியே. ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையே உள்ள வால்வுகள் மூடும்போது 'லப்', அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது 'டப்'. இதைக் கோடு போட்டுக் கட்டினால் மூன்று தனித்தனிச் செய்திகள் ஒரு சங்கிலியாகின்றன. வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கும்போது மேல் வால்வு மூடுகிறது, லப். சுருங்கி முடித்து விரியத் தொடங்கும்போது அரைச்சந்திர வால்வு மூடுகிறது, டப். விட்டுப்போன அரைச்சந்திர வால்வும் இந்தச் சங்கிலியில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆபத்தானது மூன்றாவது வகை, தவறான கோடு. நுரையீரல் தமனி ஏன் இடது பக்கம் போனது? கேட்டபோது அவளிடம் தெளிவான காரணம் இருந்தது. "தமனின்னா நல்ல இரத்தம் சார். நல்ல இரத்தம் இடது பக்கம்தானே இருக்கு." முதல் நாள் படத்தை எடுத்துப் பார்த்தால், 'தமனி' என்பதன் மேல் 'ஆக்சிஜன் உள்ள இரத்தம்' என்று எழுதியிருந்தாள். உடலில் ஏறக்குறைய எல்லாத் தமனிகளுக்கும் அது பொருந்தும், நுரையீரல் தமனிக்கு மட்டும் பொருந்தாது. தமனி என்றால் இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது. சிரை என்றால் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. திசைதான் இலக்கணம், இரத்தத்தின் தன்மை அல்ல. நுரையீரல் தமனி வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. நுரையீரல் சிரைகள் ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இடது ஆரிக்கிளுக்குக் கொண்டுவருகின்றன. 'வெளியே', 'உள்ளே' என்று இரண்டு சொற்களைக் கோட்டின் மேல் எழுதியதோடு முழுப் படமும் நேராகிவிட்டது. புத்தகத்தைப் பத்து முறை படித்திருந்தாலும் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது. படிக்கும்போது கண் அந்த வரியைச் சம்மதித்துக்கொண்டே போயிருக்கும்.

தவறான கோடு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இந்தப் பாடத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. கிரேக்க மருத்துவர் கேலன், இதயத்தின் வலது வெண்ட்ரிக்கிளுக்கும் இடது வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே இரத்தம் போவதாகவும் சொன்னார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்கள் அப்படியே படித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில், திமிஷ்கில் கல்வி கற்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ், அந்தச் சுவரில் துளை இல்லை, இரத்தம் வலது பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கத்துக்கு வருகிறது என்று எழுதினார். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். பாடநூலில் ஹார்வியின் பெயரைப் படிக்கும் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

திருத்திய தாளைப் பார்த்துப் படியெடுக்க வேண்டாம். மூன்று நாள் இடைவெளி விட்டு, மறுபடியும் வெறும் தாள், மறுபடியும் முதலிலிருந்து. தவறிய பகுதியை மட்டும் வரைந்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. மீதிப் படம் கண் முன்னால் இருந்தால் அதுவே துணுக்குக் கொடுத்துவிடும். தேர்வு அறையில் அந்தத் துணுக்கு இருக்காது. இரண்டாம் முறை அந்தப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆனது. ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

இப்போதுதான் பழைய வினாத்தாள் வருகிறது. பலர் இதை முதலிலேயே எடுத்து, வந்த கேள்விகளுக்கு மட்டும் விடை படிக்கிறார்கள். அப்படிச் செய்தால் கேள்வி கொஞ்சம் திரும்பி நின்றாலும் விடை வராது. அதைவிட மோசமானது, படத்தையே கேள்விகளுக்கு ஏற்ப வரைந்துவிடுவது. படம் பாடத்தைப் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். கேள்வி அந்தப் படத்தைச் சோதிக்க வேண்டும்.

எந்த ஆண்டுத் தாள்கள் என்பதில் ஓர் எச்சரிக்கை. இப்போதைய பத்தாம் வகுப்புப் பாடநூல் 2019-20 கல்வியாண்டில் வந்தது. அதற்கு முந்தைய தாள்கள் வேறு புத்தகத்துக்கு உரியவை. கொரோனா காரணமாக 2020, 2021 ஆண்டுகளில் பொதுத்தேர்வு நடக்கவில்லை. ஆகவே பொதுத்தேர்வுத் தாள்கள் 2022 மே மாதத் தேர்விலிருந்துதான் கிடைக்கும். 2022 தாளும் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்துக்கு உரியது. அதில் ஒரு பகுதியிலிருந்து கேள்வி வரவில்லை என்றால், அந்தப் பகுதி முக்கியமில்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. துணைத்தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிவியல் தாள் 75 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வி பன்னிரண்டு, இரண்டு மதிப்பெண்ணில் ஏழு, நான்கு மதிப்பெண்ணில் ஏழு, ஏழு மதிப்பெண்ணில் மூன்று எழுத வேண்டும். தாள்களைப் புரட்டி, இந்தப் பாடத்துக்குரிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஆண்டையும் மதிப்பெண்ணையும் குறித்து. பாடநூலின் பாட இறுதிக் கேள்விகளையும் அதோடு சேர்க்கலாம். பிறகு, கடைசியாக நினைவிலிருந்து வரைந்த படத்தைக் கேள்விகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: இந்தக் கேள்விக்கு உரிய விடை முழுவதும் இந்தத் தாளில் இருக்கிறதா? முழுதாக இருந்தால் ஒரு டிக், பாதி இருந்தால் அரை டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. இந்த வேலை முடியும்வரை புத்தகம் மூடியே இருக்க வேண்டும்.

அந்த மாணவி எட்டுக் கேள்விகளைச் சேர்த்திருந்தாள். இதயச் சுழற்சியின் கால அளவு, இதய ஒலிகள், இரத்தம் செல்லும் வரிசை, உடல் சுற்றோட்டத்துக்கும் நுரையீரல் சுற்றோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, இந்த நான்குக்கும் டிக் விழுந்தது. கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அந்த வேறுபாட்டை அவள் தனியாகப் படிக்கவில்லை. வலது வெண்ட்ரிக்கிளில் தொடங்கி இடது ஆரிக்கிளில் முடியும் பாதை ஒன்று, இடது வெண்ட்ரிக்கிளில் தொடங்கி வலது ஆரிக்கிளில் முடியும் பாதை ஒன்று என்று படத்தில் விரல் வைத்தே சொல்லிவிட்டாள். கோடுகள் சரியாக இருந்தால், படிக்காத கேள்விக்கும் இப்படி விடை கிடைக்கும்.

இரண்டு அரை டிக். அதில் ஒன்று, சைனோ ஏட்ரியல் கணுவை ஏன் இதயத்தின் பேஸ் மேக்கர் என்கிறோம் என்பது. படத்தில் பெயர் இருந்தது, 'ஏன்' இல்லை. இதயத்துடிப்புக்கான தூண்டல் அந்தக் கணுவில்தான் தோன்றுகிறது, அதுவே துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கிறது என்ற கோடு விட்டுப்போயிருந்தது. பெயர் இருப்பதால் டிக் போட்டுவிடுவது பிள்ளைகள் செய்யும் ஏமாற்று, தங்களையே ஏமாற்றிக்கொள்வது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 'ஏன் என்று சொல்' என்று கேட்டால் இது பிடிபடும்.

இரண்டு பெருக்கல் குறி. தமனிக்கும் சிரைக்கும் அமைப்பில் என்ன வேறுபாடு என்ற கேள்வி அதில் ஒன்று. தமனியின் சுவர் தடித்தது, மீள்தன்மை உள்ளது, உள்ளே வால்வுகள் இல்லை. சிரையின் சுவர் மெல்லியது, உள்ளே வால்வுகள் உண்டு. இது படத்தில் இல்லாததற்குக் காரணம் மறதி அல்ல, வெட்டிய இடம். இரத்தக் குழாய்களை இரத்தப் படத்தில் சேர்ப்பதாக நினைத்து இங்கே விட்டிருந்தாள், அங்கேயும் சேர்க்கவில்லை. பாடத்தை மூன்றாக வெட்டும்போது இரண்டு துண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும் செய்திகள் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். இவற்றைப் பழைய கேள்வி காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டைச் சேர்த்து, ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை வரைந்தால் இந்தப் பாடத்தின் வேலை ஏறக்குறைய முடிந்தது.

மற்றொரு பெருக்கல் குறி, இதயத்தின் உள்ளமைப்பைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்ன கேள்வி. இதற்கு மனவரைபடம் உதவாது. பாகங்களின் பெயரும் தொடர்பும் தெரிந்திருந்தாலும், இதயத்தின் உருவத்தைக் கை தனியாகப் பழக வேண்டும். இதுபோல் இந்த முறைக்கு வெளியே நிற்பவை வேறு சில உண்டு. கணிதத்துக்கு இது பொருந்தாது. இயற்பியலில் விதிகளுக்கும் அலகுகளுக்கும் பொருந்தும், கணக்குகளுக்குப் பொருந்தாது. சமூக அறிவியலில் வரலாற்றுக்கு நன்றாக வரும், ஆனால் அங்கே காலக்கோடு பல சமயம் மனவரைபடத்தைவிட எளிது. ஏழு மதிப்பெண் விடைக்குப் படத்திலுள்ள சொற்களை வாக்கியமாக்கி எழுதிப் பழக வேண்டும். டிக் விழுந்த நெடுவினாக்களில் ஒன்றையாவது ஒவ்வொரு பாடத்திலும் முழுதாக, கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். படத்தில் இருப்பதும் தாளில் எழுதுவதும் ஒன்றல்ல என்று அப்போது தெரியும்.

பெற்றோரில் பலர், 'எங்களுக்கு அந்தப் பாடம் தெரியாதே, எப்படிச் சரிபார்ப்பது' என்று கேட்கிறார்கள். பாடம் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். புத்தகத்தை அம்மா கையில் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை தன் படத்தில் ஒவ்வொரு கோடாக விரல் வைத்துச் சொல்லட்டும். அம்மா அந்தப் பெயர் புத்தகத்தில் அதே பெயரோடு சேர்ந்து வருகிறதா என்று மட்டும் பார்க்கலாம். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ஒரு வேலை செய்யலாம்: "இதுல இருந்து இது ஏன் போகுது?" என்று கேட்கலாம். விளக்கிச் சொல்ல முடியாத கோடு எது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்கு முதல் நாள் அரைமணி, மறுநாள் வரையக் கால்மணியும் திருத்தக் கால்மணியும், மூன்று நாள் கழித்து இருபது நிமிடம், கேள்விகளோடு ஒப்பிட அரைமணி, ஒரு வாரம் கழித்து இன்னொரு பத்து நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு நாட்களில் பரவி. காப்பி எடுக்கும் மாதங்களில் பிள்ளைகளும் பெரியவர்களோடு தோட்டத்துக்கும் களத்துக்கும் போய்விடுகிறார்கள், உட்கார்ந்து படிக்க நீண்ட நேரம் கிடைப்பதில்லை. இந்த முறைக்கு நீண்ட நேரம் தேவையில்லை, விட்டு விட்டுச் செய்வதே இதற்கு நல்லது. ஆனால் இடைவெளி வேண்டும் என்பதால் மார்ச் மாதத்தில் தொடங்க முடியாது. இன்றைக்குத் தொடங்கினால் வாரத்துக்கு இரண்டு படம் என்று வைத்தாலும் அறிவியலில் பெரிய பாடங்களை முடித்துவிடலாம்.

2022 முதல் நடந்த பொதுத்தேர்வு, துணைத்தேர்வு அறிவியல் தாள்களைப் பாடவாரியாகப் பிரித்து நம் மாலை வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறோம். எழுதிக்கொண்டு திருப்பி வைத்துவிடலாம், வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவும். ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்கள் வீட்டிலோ கடையிலோ இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். இந்த வேலைக்குத் தாள் நிறைய செலவாகிறது.